எலும்பின் இருப்புக் கணக்கு

நுழையும்முன்

நாற்பத்தைந்து வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிடும் பெண்களுக்கு எலும்பின் இழப்பும் முன்கூட்டியே தொடங்குகிறது. வலியோ வீக்கமோ இன்றி நிகழும் அவ்விழப்பை எவ்வாறு அளப்பது, எதனால் ஈடுசெய்வது, எதனால் ஈடுசெய்ய இயலாது என்பவற்றை ஒரு பெண்ணின் மருத்துவக் கோப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

திருப்பூரில் பின்னலாடைத் தையற்கூடம் ஒன்றில் பணிபுரியும் நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவரைக் கருதுக. அவருடைய அன்னைக்கு வயது அறுபத்தெட்டு. குளியலறை வாசலில் கால் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்தார், அவ்வளவே. தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிட்டது. படியிலிருந்து உருளவுமில்லை, வண்டி எதுவும் மோதவுமில்லை. நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தது என்பதை மருத்துவர் கோப்பில் குறித்துக்கொண்டார். அன்னையின் முதுகு கூனியிருப்பதையும், முன்னர் இருந்த உயரத்தில் இரண்டு அங்குலம் குறைந்திருப்பதையும் மகள் வாயிலாகக் கேட்டறிந்தார். பிறகு, கட்டிலருகே நின்ற மகளிடம் எதிர்பாராத வினா ஒன்றை எழுப்பினார்.

"உங்களுக்கு மாதவிடாய் வருகிறதா, அம்மா?"

"இல்லைங்க டாக்டர். கட்டிக்காகக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் ஆகின்றன."

"கருப்பையை மட்டும் எடுத்தார்களா, சூலகங்களையும் எடுத்தார்களா?"

அதற்கு அவரிடம் விடை இல்லை. மறுநாள் பழைய மருத்துவமனைச் சீட்டைத் தேடி எடுத்து வந்தார். கருப்பையுடன் இரு சூலகங்களும் அகற்றப்பட்டன என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வரியே இப்பாடத்தின் தொடக்கம்.

சூலகம் என்னும் காவலர்

கருப்பையை மட்டும் அகற்றினால் மாதப்போக்கு நிற்கும். ஆயினும் சூலகங்கள் தம் வேலையைத் தொடர்ந்து செய்யும். சூலகங்களையும் அகற்றினால், அன்றே ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரின் வரத்து அறுந்துவிடுகிறது. இயல்பான மாதவிடாய் நிறைவில் அது சில ஆண்டுகளில் படிப்படியாகக் குறையும்; அறுவையில் அது ஒரே நாளில் வீழ்கிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் பெரும்பாலும் நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதை ஒட்டி நிற்கிறது. நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில் நிற்பதை முன்கூட்டிய மாதவிடாய் நிறைவு என்றும், நாற்பதுக்கும் முன் நிற்பதைச் சூலக முதிராச் செயலிழப்பு என்றும் மருத்துவர் வேறுபடுத்துவர். தையற்கூடத்துப் பெண்ணுக்கு அது நாற்பத்தொன்றில் நேர்ந்தது.

இதற்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு? எலும்பு கல்லைப் போன்ற உயிரற்ற பொருளன்று. அதில் இருவகை அணுக்கள் ஓயாது வேலை செய்கின்றன. ஒருவகை பழைய எலும்பைக் கரைத்துச் சிறு குழிகளைத் தோண்டுகிறது. மற்றொரு வகை அக்குழியைப் புதிய எலும்பால் நிரப்புகிறது. தோண்டும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடும்; நிரப்புவதற்கோ மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். பழைய வீட்டை இடிப்பதற்கும் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. தோண்டும் அணுக்களின் எண்ணிக்கையையும் வாழ்நாளையும் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். அக்கட்டு அவிழ்ந்ததும் பல இடங்களில் ஒரே வேளையில் குழிகள் தோன்றுகின்றன. நிரப்பும் அணுக்கள் ஈடுகொடுக்க முயன்றும் பின்தங்கிவிடுகின்றன.

இவ்விழப்பு எல்லா எலும்புகளிலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. முதுகெலும்பின் உட்பகுதி தேனடை போன்ற வலையமைப்பு உடையது. வலையில் மேற்பரப்பு மிகுதி. மேற்பரப்பு மிகுந்த இடத்தில்தான் தோண்டலும் மிகுதி. எனவே முதுகெலும்பு முதலில் மெலிகிறது. கெட்டியான ஓடுடைய தொடையெலும்பு பின்னரே மெலிகிறது. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் முதுகெலும்பு ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு அடர்த்தியை இழக்கக்கூடும். ஐந்து முதல் எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவ்வேகம் தணியும். நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதை ஒட்டித் தொடங்கவேண்டிய இவ்விரைவு இழப்பு நாற்பத்தொன்றில் தொடங்கினால், முதுமையின் மெதுவான இழப்பு தொடங்கும்போதே இருப்பு குறைந்திருக்கும் என்பது எளிய கணக்கு.

நம் ஊர்களில் 'எலும்புத் தேய்மானம்' என்ற சொல்லால் இரு வேறு நோய்களைக் குறிக்கும் வழக்கம் உள்ளது. முழங்கால் மூட்டில் குருத்தெலும்பு தேய்வது ஒன்று, அது வலிக்கும். எலும்பு உள்ளுக்குள் துளைபட்டு மெலியும் எலும்புப்புரை மற்றொன்று. அது முறியும் வரை வலிப்பதில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, எலும்புக்கு மருத்துவம் செய்துகொள்வதாக நம்புவோர் பலர்.

தெரியுமா?

எலும்புப்புரைக்கும் மாதவிடாய் நிறைவுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் அவர்தம் குழுவினரும் 1941ஆம் ஆண்டில் எடுத்துரைத்தனர். எலும்பு மெலிந்து வந்த நோயாளிகளுள் பெரும்பாலோர் மாதவிடாய் நின்ற பெண்களாய் இருந்ததே அவர்களுக்குக் கிடைத்த முதற்குறிப்பு.

அளவி காட்டும் எண்

அப்பெண்ணிடம் ஏற்கெனவே ஒரு குருதிச் சோதனை முடிவு இருந்தது. குருதியில் கால்சியம் சரியான அளவில் உள்ளது என்று அது கூறியது. "அப்படியானால் எலும்பும் நன்றாகத்தானே இருக்கும்?" என்று அவர் கேட்டது இயல்பே. ஆனால், அவ்வெண் எலும்பைப் பற்றி எதையும் உரைப்பதில்லை. உடலின் கால்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. இதயமும் தசைகளும் இயங்கக் குருதியில் கால்சியம் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். உணவில் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்துக் குருதியை நிறைவு செய்யும். கிடங்கு காலியாகிக்கொண்டே இருக்கும்போதும் கடையில் சரக்கு குறையாதிருப்பதைப் போன்றது அது.

கிடங்கை அளக்கும் கருவி டெக்சா எனப்படும் எலும்பு அடர்த்தி அளவி. வெவ்வேறு ஆற்றலுடைய இரு எக்ஸ் கதிர்க்கற்றைகளை அது உடலினூடே செலுத்துகிறது. எலும்பும் தசையும் அவ்விரு கற்றைகளையும் வெவ்வேறு அளவில் தடுக்கின்றன. அவ்வேறுபாட்டிலிருந்து எலும்பின் கனிமப்பொருள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்று கணிக்கப்படுகிறது. கீழ்முதுகின் நான்கு முள்ளெலும்புகளையும் இடுப்பையும் அளப்பது வழக்கம். ஊசி இல்லை, சுரங்கம் போன்ற அறைக்குள் செல்வதும் இல்லை. மேசைமேல் சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருந்தால் போதும். கதிர்வீச்சின் அளவு மார்புக்கு எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படத்தைவிடவும் குறைவு. அளவெடுக்கும் நாளில் கால்சியம் மாத்திரையைத் தவிர்க்கச் சொல்வர். வயிற்றில் கரையாமல் கிடக்கும் மாத்திரை முதுகெலும்பின் மேல் நிழலாகப் படிந்து அளவை உயர்த்திக் காட்டிவிடும்.

அவருக்குக் கீழ்முதுகின் அளவு 0.83 என்று வந்தது. அது நல்ல எண்ணா, கெட்ட எண்ணா என்பதை ஒப்பிட்டால்தான் அறியலாம். அக்கருவியில் இருபதுகளில் உள்ள உடல்நலமுடைய பெண்களின் சராசரி 1.05 என்றும், அவர்களிடையே காணப்படும் திட்ட விலக்கம் 0.11 என்றும் கொள்க. அப்பெண்ணின் அளவிலிருந்து சராசரியைக் கழித்தால் 0.22 குறைகிறது. அதை 0.11ஆல் வகுத்தால் இரண்டு. ஆகவே அவருடைய டி-ஸ்கோர் கழித்தல் 2.0.

உலக நலவாழ்வு அமைப்பு 1994ஆம் ஆண்டில் வகுத்த எல்லைகளின்படி, கழித்தல் 1 வரை இயல்பு நிலை. கழித்தல் 1க்கும் கழித்தல் 2.5க்கும் இடைப்பட்டது எலும்பு மெலிவு, கழித்தல் 2.5ஐத் தொட்டாலோ அதற்குக் கீழ் சென்றாலோ எலும்புப்புரை. முதுகெலும்பில் அவர் இடைநிலையில் நின்றார். இடுப்பில் கழித்தல் 1.1 மட்டுமே. முதுகெலும்பு முந்தி மெலியும் என்று மேலே கூறப்பட்டதை அவருடைய அறிக்கையே மெய்ப்பித்தது. எனினும் எல்லைக்கோட்டுக்கு இப்பால் இருப்பதால் அச்சமில்லை என்று மருத்துவர் விட்டுவிடவில்லை. அன்னைக்கு இடுப்பு முறிந்திருப்பது மகளுக்கும் இடரைக் கூட்டும் காரணி. மேலும், அவருக்கு இழப்பு விரைந்து நிகழும் ஆண்டுகள் இன்னும் முடியவில்லை.

சில முகாம்களில் குதிகாலில் கருவியை வைத்து ஒலியலையால் அளந்து சீட்டு எழுதித் தருவர். அச்சீட்டைக் கொண்டு நோயை உறுதி செய்யவோ மருந்து தொடங்கவோ இயலாது. அதில் குறை தெரிந்தால் டெக்சா எடுக்கவேண்டும் என்பதே அதன் பொருள்.

தட்டில் உள்ளதும் இல்லாததும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையின்படி மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. அப்பெண்ணின் ஒருநாள் உணவைக் கேட்டு எழுதியபோது காலை இட்லி, நண்பகல் சோறு, சாம்பார், பொரியல், இரவு தோசை, இடையில் இருமுறை தேநீர், சிறிது மோர் எனப் பட்டியல் அமைந்தது. வயிறு நிறைந்தது; கால்சியம் ஏறத்தாழ 400 மில்லிகிராம்தான். தீட்டிய அரிசியில் நூறு கிராமுக்குப் பத்து மில்லிகிராம்கூட இல்லை. தேநீரில் இருமுறையும் சேர்த்து நூறு மில்லிலிட்டர் பால் இருந்தால் அதில் கிடைப்பது 120 மில்லிகிராம்.

எஞ்சிய 800 மில்லிகிராமை எங்கிருந்து பெறுவது? கேழ்வரகில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. இரவுத் தோசைக்கு மாற்றாக அறுபது கிராம் கேழ்வரகு மாவில் அடையோ களியோ செய்தால் இருநூறு கிடைக்கும். கால் லிட்டர் பாலோ தயிரோ சேர்த்தால் முந்நூறு. ஐம்பது கிராம் முருங்கைக்கீரை நூற்றைம்பது தரும். இம்மூன்றும் சேர்ந்து 650. முன்னர் இருந்த 400உடன் கூட்டினால் 1,050. எள்ளுத் துவையல் இருக்கும் நாளில் இன்னும் சற்றுக் கூடும். மருத்துவர் ஒரே ஒரு மாத்திரை எழுதினார். அதுவும் பாலோ தயிரோ உண்ணாத நாளுக்கு மட்டும்.

கீரைகளுள் எல்லாம் ஒன்றல்ல. பசலைக்கீரையில் கால்சியம் உண்டு. ஆயினும் அதிலுள்ள ஆக்சலேட்டு அதைப் பற்றிக்கொள்வதால் உடல் சிறு பங்கையே உறிஞ்சுகிறது. பாலிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உறிஞ்சப்படுகிறது. கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் அதில் உள்ள தடைப்பொருள் குறைகிறது என்பது நம் வீடுகளில் குழந்தைகளுக்குக் கூழ் காய்ச்சும் முறையிலேயே உள்ளது.

மாத்திரையிலும் கவனிக்கவேண்டியவை உண்டு. அட்டையில் 1,250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று இருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மட்டுமே. ஒரே வேளையில் 500க்கு மேல் விழுங்கினால் உறிஞ்சப்படும் பங்கு குறைகிறது. கார்பனேட் வகையை உணவுடன் உண்ணவேண்டும். இரைப்பை அமிலம் சுரந்தால்தான் அது கரையும். அப்பெண் அறுவைக்கு முன் மிகுந்த குருதிப்போக்கால் சோகையுற்றவர். இன்னும் இரும்புச்சத்து மாத்திரை உண்டுவந்தார். அதையும் பக்கத்து வீட்டார் தந்த கால்சியம் மாத்திரையையும் காலை உணவுடன் சேர்த்தே விழுங்கினார். கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். சோகை ஏன் தீரவில்லை என்ற வினாவுக்கு விடை அங்கே கிடைத்தது. இரும்பு காலையிலும் கால்சியம் இரவிலும் என்று பிரித்தவுடன் அச்சிக்கல் அகன்றது. தைராய்டு மாத்திரை உண்போரும் கால்சியத்தை நான்கு மணிநேரம் தள்ளி உண்ணவேண்டும்.

வெயிலும் வாராந்திரக் குளிகையும்

உண்ட கால்சியம் குடலிலிருந்து குருதிக்குள் நுழைய வைட்டமின் டி வேண்டும். தோலின் மேல் கதிரவனின் புறஊதாக் கதிர்களுள் ஒருவகை படும்போது அது உருவாகிறது. வெயிலுக்குக் குறைவில்லாத ஊரில் அப்பெண்ணின் குருதியில் அது 11 நானோகிராம்தான் இருந்தது. 20க்கு மேல் இருத்தல் வேண்டும். காரணம் எளிது. அவர் எட்டரை மணிக்குத் தையற்கூடத்துள் நுழைந்து இருட்டியபின் வெளியே வருபவர். காலை இளவெயில் உடலுக்கு நல்லது என்ற நம்பிக்கையில் ஞாயிறுதோறும் ஏழு மணிக்கு மாடியில் நிற்பார். அவ்வேளையில் கதிர்கள் சாய்ந்து வருவதால், வைட்டமின் டியை உருவாக்கும் கதிர் காற்றுமண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. ஒருவருடைய நிழல் அவரைவிடக் குறுகியிருக்கும் வேளையில்தான் அக்கதிர் தரையை எட்டும். கண்ணாடிச் சன்னல் வழியே விழும் வெயிலும் இதற்கு உதவாது. உச்சிவெயிலில் சிறிது நேரம் கைகளும் முகமும் வெயில்படப் பொழுதின் இடைவேளையில் நடந்துவர அவரிடம் கூறப்பட்டது.

குறைவு மிகுந்திருந்ததால் வெயில் மட்டும் போதாது. வாரம் ஒன்றாக எட்டு வாரங்களுக்கு 60,000 அலகுடைய குளிகை எழுதப்பட்டது. அதன்பின் மாதம் ஒன்று. இங்கேதான் பலர் தவறுகின்றனர். எட்டு வாரம் முடிந்தபின்னும் பழைய சீட்டைக் காட்டி வாரந்தோறும் வாங்குவோர் உண்டு. வாரத்துக்கு ஒன்றை நாளுக்கு ஒன்றாகப் புரிந்துகொண்டு விழுங்குவோரும் உண்டு. இந்த வைட்டமின் கொழுப்பில் கரைந்து உடலில் தங்கிவிடும். அளவு மீறினால் குருதியில் கால்சியம் உயரும், அடங்காத நீர்வேட்கை, வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் ஆகியன தோன்றும், சிறுநீரகம் பழுதடையும். அதனால் மருத்துவர் சீட்டில் தொடக்க நாளுடன் முடியும் நாளையும் எழுதி அடிக்கோடிட்டார்.

பளுவை அறியும் எலும்பு

நாள்தோறும் மாலையில் அரைமணி நேரம் நடப்பதாக அவர் கூறியபோது, இதயத்துக்கு அது நன்று என்றும் முதுகெலும்புக்கு அது போதாது என்றும் இயன்முறை மருத்துவர் விளக்கினார். எலும்பு தனக்குப் பழகிய பளுவுக்கு ஏற்ப மட்டுமே தன்னை அமைத்துக்கொள்கிறது. அதை வலுப்படுத்தப் பழகாத பளுவோ திடீர் அதிர்வோ வேண்டும். வலக்கையால் ஆடும் டென்னிசு வீரரின் வலக்கை எலும்பு இடக்கை எலும்பைவிடப் பருத்திருப்பது இதனாலேயே. நீந்துதலும் மிதிவண்டி ஓட்டுதலும் உடலின் எடையைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அவற்றால் பயன் குறைவு.

ஆஸ்திரேலியாவில் நடந்து 2018ஆம் ஆண்டில் வெளியான 'லிஃப்ட்மோர்' ஆய்வில், எலும்பு மெலிந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் வாரம் இருமுறை அரைமணி நேரம் பயிற்றுநரின் கண்காணிப்பில் கனமான பளுவைத் தூக்கியும் அதிர்வுடன் குதித்தும் பயின்றனர். எட்டு மாதத்தில் அவர்களது முதுகெலும்பின் அடர்த்தி நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு கூடியது. எளிய பயிற்சி செய்தோருக்கு ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. இதைப் படித்துவிட்டு ஒருவர் வீட்டில் தாமே எடை தூக்கத் தொடங்குவது முறையன்று. அவ்வாய்வின் பயனும் பாதுகாப்பும் கண்காணிப்பில் அமைந்தவை.

அப்பெண்ணின் பயிற்சி நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுவதில் தொடங்கியது. பிறகு நுனிக்காலில் எழுந்து குதிகாலைத் தரையில் 'தொப்'பென்று விழச் செய்தல். அதன்பின் முதுகை வளைக்காமல் இடுப்பை மடக்கி, மணல் நிரப்பிய பையைத் தூக்குதல். ஆறு வாரங்களுக்கு ஒருமுறை மணல் சற்றுக் கூட்டப்பட்டது. கூட்டாவிட்டால் எலும்பு அதற்கும் பழகிவிடும். விழாதிருப்பதும் பயிற்சியின் பகுதியே என்பதால் சுவரருகே ஒற்றைக்காலில் நிற்கவும் பழகினார். குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி மட்டும் விலக்கப்பட்டது. மெலிந்த முள்ளெலும்பின் முன்புறத்தில் அது எடையைக் குவித்து நசுக்கக்கூடும்.

உணவும் பயிற்சியும் எட்டாத இடம்

இவை அனைத்தையும் சரிவரச் செய்தாலும் ஓர் எல்லை உண்டு. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் கால்சியத்தைக் கூட்டுவதால் மட்டும் முதுகெலும்பின் இழப்பு நிற்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. செங்கல்லைக் குவித்து வைத்தாலும் இடிப்போரைத் தடுக்க ஆள் வேண்டும். ஆகையால், முன்கூட்டியே மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, தடை ஏதுமில்லையெனில், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரை ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தருவது இன்றைய மருத்துவ வழக்கம். உடல் இழந்ததைத் திருப்பித் தருவதே இதன் நோக்கம் என்பதால், அறுபது வயதில் புதிதாகத் தொடங்குவதுடன் இதை ஒப்பிடலாகாது. மார்பகப் புற்றுநோய், குருதியுறைவு, கல்லீரல் நோய் ஆகியவை இருந்தனவா என்று முதலில் ஆராய்வர். கருப்பை உள்ளவருக்கு அதன் உட்சவ்வைக் காக்கப் புரோஜெஸ்டிரானும் சேர்த்துத் தரவேண்டும். கருப்பை அகற்றப்பட்ட அப்பெண்ணுக்கு அது தேவைப்படவில்லை. தோலில் பூசும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு எழுதப்பட்டது. "மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஒருவரும் இதைச் சொல்லவில்லையே" என்று அவர் வருந்தியதில் நியாயம் உண்டு. சூலகங்களை அகற்றும் நாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டிய மருந்து அது.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மருத்துவமனையில் அதே கருவியில் மீண்டும் அளவெடுக்கப்பட்டது. கருவி மாறினால் எண்ணும் மாறும். பழைய அறிக்கையுடன் ஒப்பிட இயலாது. இம்முறை கீழ்முதுகின் அளவு 0.85. "கூடியிருக்கிறதே!" என்று அப்பெண் மகிழ்ந்தார். மருத்துவர் கணக்கிட்டுப் பார்த்தார். கூடியது நூற்றுக்கு இரண்டரைப் பங்குக்கும் குறைவு. ஒருவரையே இருமுறை அளந்தாலும் நூற்றுக்கு மூன்று பங்கு வரை வேறுபாடு வரக்கூடும் என்பது அக்கருவியின் இயல்பு. எனவே எலும்பு வளர்ந்தது என்று அவர் எழுதவில்லை. மருத்துவம் இன்றி விட்டிருந்தால் அவ்விரு ஆண்டுகளில் அளவு 0.80ஐ ஒட்டி இறங்கியிருக்கக்கூடும் என்று தாளின் ஓரத்தில் கணக்கிட்டுக் காட்டினார். கோப்பில், "இழப்பு நின்றுள்ளது, களிம்பு தொடர்க, அடுத்த அளவீடு இரண்டு ஆண்டுகள் கழித்து, இதே கருவியில்" என்று எழுதிக் கையொப்பமிட்டார்.